அகராதி வரிசையில அடுத்த பெர்முடேஷன்: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

அகராதி வரிசைன்னா என்ன? நம்பருக்கு எதுக்கு அகராதி?

ரெண்டு வரிசையை இடது பக்கத்துல இருந்து ஒண்ணொண்ணா ஒப்பிட்டுட்டே வாங்க. எந்த இடத்துல முதல்ல வேறுபடுதோ, அந்த இடத்துல சின்னதை வச்சிருக்கிற வரிசை முன்னாடி வரும், அவ்வளவுதான். அதுக்குப் பின்னாடி என்ன கிடந்தாலும் பார்க்கவே வேண்டாம். அகராதில மரம் முதல்ல வந்து மலை அப்புறம் வர்றதும் இதே கணக்குதான், ம ரெண்டுலயும் ஒண்ணு, அடுத்த இடத்துல ர-வுக்குப் பின்னாடிதான் ல. எழுத்துக்குப் பதிலா நம்பர் இருந்தாலும் விதி மாறாது. 1, 2, 3 மூணையும் இப்படி அடுக்கினா 123, 132, 213, 231, 312, 321 வரும். முதல் வரிசை முழுக்க ஏறுது, கடைசி வரிசை முழுக்க இறங்குது, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி எல்லாமே இதுல இருந்துதான் வருது. ஸ்கூல் புத்தகத்துல வரிசைமாற்றம்னு படிச்சதைத்தான் இங்க பெர்முடேஷன்னு சொல்றேன், கோடு எழுதுறவங்க வாய்ல அதுதான் வருது.

என் கைல ஒரு வரிசை இருக்கு, முன்னாடி வந்தது எதுவும் தெரியாது. அடுத்தது எதுன்னு சொல்ல முடியுமா?

முடியும், அதுதான் இதுல அழகே. முழு லிஸ்ட்டும் வேண்டாம், எத்தனாவது வரிசைன்னும் தெரிய வேண்டாம், கைல இருக்கிறதைப் பார்த்தாலே போதும். 3 1 4 6 5 2-ஐ எடுத்துக்கலாம்.

வலது கடைசில இருந்து இடது பக்கமா நடங்க. 2, அடுத்து 5, அடுத்து 6, பெருசாயிட்டே போகுது. அடுத்து 4, இங்க குறைஞ்சிடுச்சு. அந்த ஏற்றம் முதல்ல உடையுற இடம் இதுதான், 4 இருக்கிற இடம். அதுக்கு வலது பக்கம் இருக்கிற 6 5 2-ஐ வால்னு வச்சுக்குவோம். இடமிருந்து பார்த்தா அந்த வால் முழுக்க இறங்குவரிசை, அதாவது அந்த மூணு நம்பரை வச்சு போடக்கூடிய கடைசி வரிசை அதுவே. வாலுக்குள்ள மட்டும் என்ன மாத்தினாலும் வரிசை சின்னதாகத்தான் போகும், அதனால 4-ஐத் தொட்டே ஆகணும்.

4 இருக்கிற இடத்துல என்ன வைக்கலாம்? 4-ஐ விடப் பெருசா இருக்கணும், ஆனா முடிஞ்ச வரைக்கும் கொஞ்சமா பெருசா இருக்கணும். வால்ல 6-உம் இருக்கு 5-உம் இருக்கு, சின்னது 5. ரெண்டையும் ஸ்வாப் பண்ணினா 3 1 5 6 4 2. இப்போ நாலாவது இடத்துல இருந்து கடைசி வரைக்கும் ரிவர்ஸ் பண்ணுங்க, 6 4 2 போய் 2 4 6 வரும். விடை 3 1 5 2 4 6.

இந்த முறை ஒண்ணும் கம்ப்யூட்டர் வந்தப்புறம் வந்தது இல்ல. 14ஆம் நூற்றாண்டுல நாராயண பண்டிதர் எழுதின கணக்கு நூல்லயே இருக்கு.

கடைசில ஏன் ரிவர்ஸ்? சார்ட் பண்ணக் கூடாதா?

தாராளமா பண்ணலாம், விடை அதேதான் வரும், ஆனா வீண் வேலை. 5 முன்னாடி போய் உட்கார்ந்ததும் வரிசை பழசை விடப் பெருசாயிடுச்சு, அது உறுதி ஆயாச்சு. இனி மிச்சம் இருக்கிற வாலை எவ்வளவு சின்னதா வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதா வைக்கணும், அப்போதான் நடுவுல எதையும் தாண்டாம அடுத்தது கிடைக்கும். சின்னதுன்னா ஏறுவரிசை.

இப்போ கவனிங்க, ஸ்வாப்புக்கு முன்னாடி வால் 6 5 2, பின்னாடி 6 4 2. இன்னமும் இறங்குவரிசைதான், கலையவே இல்ல. தற்செயலா அப்படி ஆகல. 5 இருந்த இடத்துக்கு 4 வந்துச்சு, அதுக்கு இடது பக்கம் இருக்கிறதெல்லாம் 5-ஐ விடப் பெருசு, அதனால 4-ஐ விடவும் பெருசு. வலது பக்கம் இருக்கிறதெல்லாம் 4-ஐ விடச் சின்னது, ஏன்னா 4-ஐ விடப் பெருசுல கடைசியா நின்னதைத்தான் நாம எடுத்தோம். ஏற்கனவே இறங்குவரிசைல நிக்கிறதை ஏறுவரிசை ஆக்கத் திருப்பிப் போட்டா போதாதா, சார்ட் எதுக்கு?

வால் இறங்குவரிசைல இருக்கிறதால இன்னொரு சௌகரியமும் உண்டு. 4-ஐ விடப் பெருசுல மிகச் சின்னதைத் தேட மினிமம் எல்லாம் எடுக்க வேண்டாம், வலது கடைசில இருந்து வரும்போது முதல்ல கண்ணுல படுற பெரிய நம்பரே அதுதான்.

கோடு போட்டுக் காட்டுங்க ப்ளீஸ்

பைதான்ல இவ்வளவுதான்:

```python
def next_perm(a):
    i = len(a) - 2
    while i >= 0 and a[i] >= a[i + 1]:
        i -= 1
    if i < 0:
        return False
    j = len(a) - 1
    while a[j] <= a[i]:
        j -= 1
    a[i], a[j] = a[j], a[i]
    a[i + 1:] = a[i + 1:][::-1]
    return True
```

உடையுற இடம் எங்கயும் கிடைக்கலைன்னா `i` மைனஸ்ல போயிடும், அப்படின்னா வரிசை முழுக்கவே இறங்குவரிசை, இதுக்கு மேல அடுத்தது இல்ல, `False` வரும். `j` தேடுற லூப்ல எல்லை செக் இல்லையேன்னு சிலர் பயப்படுவாங்க, அது தேவையில்ல, `a[i+1]` எப்படியும் `a[i]`-ஐ விடப் பெருசுன்னு முதல் லூப்பே சொல்லிடுச்சு, அதனால போற வழில எங்கயாவது நின்னே தீரும்.

இது அதே லிஸ்ட்டை உள்ளயே மாத்துது, இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 1 2 3 4 5 6-ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு தடவையும் `result.append(a)`னு போட்டுட்டு கடைசில பிரிண்ட் பண்ணினா 720 வரியும் 6 5 4 3 2 1-ஆவே இருக்கும். ஒரே லிஸ்ட்டை 720 தடவை சேர்த்திருக்கீங்க, வேற ஒண்ணும் இல்ல. `a[:]` போட்டு காப்பி எடுத்துச் சேருங்க.

ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்தா? தனியா எதுவும் சேர்க்கணுமா?

ஒண்ணும் சேர்க்க வேண்டாம், மேல இருக்கிற கோடே போதும், ஆனா அந்த ரெண்டு `=` குறியும் அந்தந்த இடத்துல இருந்தே ஆகணும். டூப்ளிகேட் இல்லாத டேட்டால `=` இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான், அதனால டெஸ்ட்டெல்லாம் பாஸ் ஆகி, டூப்ளிகேட் வர்ற அன்னிக்குத்தான் வெடிக்கும்.

1 2 3 3 2-ஐப் பாருங்க. வலது பக்கத்துல இருந்து 2, 3, 3, இதுவரைக்கும் குறையல, சமமா இருக்கிறது உடையுறதுல சேராது. அடுத்து 2, இங்கதான் உடையுது. வால் 3 3 2. 2-ஐ விடப் பெருசு ரெண்டு 3 இருக்கு, எதை எடுக்கிறது? வலது பக்கம் இருக்கிறதை. ஸ்வாப் பண்ணினா 1 3 3 2 2, வாலைத் திருப்பினா 1 3 2 2 3, இதுதான் சரியான விடை. ரெண்டும் 3 தானே, எதை எடுத்தா என்னன்னு இடது பக்கத்து 3-ஐ எடுத்துப் பாருங்க, 1 3 2 3 2 ஆகும், வால் 2 3 2-ஐத் திருப்பினாலும் 2 3 2 தான், விடை 1 3 2 3 2-னு நிக்கும். நடுவுல இருந்த 1 3 2 2 3 காணாமப் போச்சு, எரரும் வராது, கடைசி எண்ணிக்கை குறையும்போதுதான் தெரியும்.

இந்த முறை டூப்ளிகேட் வரிசையைத் திரும்பத் திரும்பத் தராது, ஒவ்வொண்ணும் ஒரே தடவை. 1 2 2 3 3-ல ஆரம்பிச்சா மொத்தம் 30 வரணும், 5! ஆன 120-ஐ ரெண்டு 2-க்காக 2-ஆலயும் ரெண்டு 3-க்காக 2-ஆலயும் வகுத்தா 30.

என் லூப் முடியவே மாட்டேங்குது, ரெண்டு வரிசையே மாறி மாறி வருது. ஏன்?

நானும் இதுல ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கேன். முதல் லூப்ல `>=`-க்குப் பதிலா `>`னும், ரெண்டாவதுல `<=`-க்குப் பதிலா `<`னும் போட்டிருந்தேன், அப்போ சமமா இருக்கிறதும் உடையுற இடமா ஆயிடும். அதே 1 2 3 3 2-ல முதல் 3-லயே நின்னுடும், பெருசுன்னு தேடப் போய் பக்கத்து 3-ஐயே பிடிச்சிடும், 3-ஐயும் 3-ஐயும் ஸ்வாப் பண்ணினா எதுவும் மாறாது, அப்புறம் மிச்சம் இருக்கிற 3 2-ஐத் திருப்பி 1 2 3 2 3-னு கொடுக்கும். இது பழசை விடச் சின்னது! அதாவது பின்னாடி போயிருக்கு. அடுத்த தடவை கூப்பிட்டா மறுபடி 1 2 3 3 2. இப்படியே ஊஞ்சல் ஆடிட்டு இருக்கும்.

முதல் லூப்ல மட்டும் தப்பு பண்ணிட்டு ரெண்டாவதை சரியா வச்சிருந்தா வேற மாதிரி அடி விழும், 3-ஐ விடப் பெருசு எதுவுமே இல்லாததால `j` இடது பக்கமா ஓடிட்டே இருக்கும். பைதான்ல `a[-1]`-ன்னா கடைசி எலிமென்ட்ங்கிறதால உடனே நிக்காது, லிஸ்ட்டை இன்னொரு சுற்று சுத்திட்டு அப்புறம்தான் `IndexError` வரும். C++ல அர்ரேக்கு வெளிய போய் என்னத்தையோ படிக்கும், என்ன ஆகும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

C++ல next_permutation வச்சு எல்லாத்தையும் எடுத்தேன், 720 வரணும், 469 தான் வருது

சார்ட் பண்ணாம ஆரம்பிச்சிருக்கீங்க. அந்த ஃபங்ஷனுக்கு ஆரம்பம்னு ஒண்ணு தெரியாது, நீங்க கொடுத்ததுல இருந்து முன்னாடிதான் போகும். 3 1 4 6 5 2-ல தொடங்கினா அதுக்கு முன்னாடி இருக்கிற 251-உம் போச்சு, மிச்சம் 469. இந்த 251 எங்க இருந்து வந்துச்சுன்னு கீழ சொல்றேன்.

```cpp
sort(a.begin(), a.end());
do {
    print(a);
} while (next_permutation(a.begin(), a.end()));
```

(`print` உங்க சொந்த ஃபங்ஷன்னு வச்சுக்கோங்க.) வெறும் `while` போட்டீங்கன்னா முதல் வரிசையைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அடுத்ததுக்குத் தாவிடும், 719 வரும். அதனாலதான் `do`. இன்னொண்ணு, `false` திருப்பித் தரும்போது இது சும்மா விடாது, வரிசையை மறுபடி ஏறுவரிசை ஆக்கி வச்சிடும். மேல நான் எழுதின பைதான் கோடு அப்படிப் பண்ணாது, கடைசி வரிசையை அப்படியே விட்டுடும். லூப் முடிஞ்சப்புறமும் `a`-வைப் பயன்படுத்துறவங்க இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கோங்க.

பைதான்ல itertools.permutations இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

எல்லாமே வேணும், டூப்ளிகேட் இல்ல, அப்படின்னா அதையே போடுங்க, வேகமும் அதிகம். ஆனா அது நம்பரோட மதிப்பைப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். நீங்க சார்ட் பண்ணிக் கொடுத்தா வெளிய வர்றதும் அகராதி வரிசைல இருக்கும், கலைச்சுக் கொடுத்தா கலைஞ்சுதான் வரும். டூப்ளிகேட்டும் அதுக்குத் தெரியாது, 1 2 2 3 3 கொடுத்தா 30 இல்ல, 120 வரும். முக்கியமா, இந்த வரிசைக்கு அடுத்தது எதுன்னு அதுகிட்ட கேட்கவே முடியாது, முதல்ல இருந்து ஓட்டினாத்தான் உண்டு.

ஒவ்வொரு தடவையும் வாலைத் திருப்புறது ஸ்லோ இல்லையா?

மோசமான ஒரு தடவைல முழு லிஸ்ட்டையும் தொடணும், உண்மைதான். ஆனா அது அபூர்வம். எல்லா நம்பரும் வேற வேறன்னா பாதி தடவை கடைசி ரெண்டை மாத்துறதோட வேலை முடிஞ்சிடும், மூணுல ஒரு பங்கு தடவை வால் நீளம் 2, எட்டுல ஒரு பங்கு தடவை 3, அப்புறம் 30-ல ஒண்ணுன்னு சரசரன்னு குறைஞ்சிடும். முழுக்க ஓட்டி சராசரி எடுத்தா ஒரு அழைப்புக்கு ஒன்றரை ஸ்வாப் பக்கம்தான் வரும், லிஸ்ட் எவ்வளவு நீளமா இருந்தாலும் சரி. மேல இருக்கிற பைதான் கோடு ஸ்லைஸ் எடுத்துத் திருப்புறதால கொஞ்சம் கூடுதலா செலவு ஆகும், ஆனா பெருசா இல்ல.

உங்களை உண்மையில ஸ்லோ ஆக்கப் போறது மொத்த எண்ணிக்கை. 10-க்கு 36,28,800, 12-க்கு 47,90,01,600, 13-க்குப் போனா 622 கோடியைத் தாண்டிடும். அங்க ஸ்வாப்பைக் குறைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

என் கோடு கொடுத்த விடை சரியான்னு எப்படி செக் பண்றது? நடுவுல ஒண்ணை விட்டிருந்தா?

வரிசைக்கு ஒரு எண் போட்டுப் பார்க்கலாம். 3 1 4 6 5 2-க்கு முன்னாடி எத்தனை இருக்குன்னு எண்ணுவோம். முதல் இடத்துல 3-ஐ விடச் சின்னது 1, 2 ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் மிச்ச அஞ்சையும் 120 விதமா அடுக்கலாம், ஆக 240. அடுத்து 1, அதை விடச் சின்னது இல்ல, பூஜ்யம். அடுத்து 4, மிச்சம் இருக்கிறதுல சின்னது 2 மட்டும், அதுக்கு 6. அடுத்து 6, சின்னதா 2-உம் 5-உம் இருக்கு, ரெண்டு தடவை 2, ஆக 4. அடுத்து 5, சின்னது 2, அதுக்கு 1. கூட்டினா 251.

இப்போ நாம கண்டுபிடிச்ச 3 1 5 2 4 6. 3-க்கு 240, 1-க்கு பூஜ்யம், 5-க்கு சின்னதா 2, 4 ரெண்டு இருக்கு, அதனால 12, மிச்ச மூணும் ஏறுவரிசை, பூஜ்யம். மொத்தம் 252. ஒண்ணே ஒண்ணுதான் வித்தியாசம், நடுவுல எதுவும் விட்டுப் போகல. டூப்ளிகேட் இருந்தா இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது, அங்க சின்ன லிஸ்ட் எடுத்து `sorted(set(permutations(a)))` கூட ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் சுலபம்.

நேரா 10 லட்சமாவது வரிசை வேணும், அத்தனை தடவை கூப்பிடணுமா?

வேண்டாம், மேல போட்ட கணக்கைத் தலைகீழா போடுங்க. 0-ல இருந்து 9 வரைக்கும் பத்து இலக்கம்னா, 10 லட்சமாவதுக்கு முன்னாடி 9,99,999 இருக்கு. 9! ஆன 3,62,880 அதுல ரெண்டு தடவை போகும், அதனால முதல் இலக்கம் சின்னது ரெண்டைத் தாண்டின 2. மிச்சம் 2,74,239. அதுல 8! ஆன 40,320 ஆறு தடவை, மிச்சம் இருக்கிற 0 1 3 4 5 6 7 8 9-ல ஆறைத் தாண்டினா 7. இப்படியே போனா 2783915460 வரும், பத்தே வகுத்தல். அங்க இருந்து அடுத்த நாலஞ்சு வேணும்னா `next_perm` போட்டுக்கலாம். ஃபாக்டோரியலை 64 பிட்ல வச்சிருந்தா 20! வரைக்கும்தான் தாங்கும், 21! வழிஞ்சிடும், பைதான்ல அந்தக் கவலை இல்ல.

முந்தின வரிசை வேணும்னா?

லிஸ்ட்ல இருக்கிற நம்பர்களை ஒப்பிடுற அந்த ரெண்டு குறியை மட்டும் திருப்பிப் போடுங்க, `>=` இருந்த இடத்துல `<=`, `<=` இருந்த இடத்துல `>=`. மத்தது எதையும் தொட வேண்டாம். C++ல `prev_permutation`னே இருக்கு.

தமிழ் எழுத்தைக் கொடுத்தா கன்னாபின்னான்னு வருதே?

ரெண்டு பிரச்சினை சேர்ந்து அடிக்குது. மரம்ங்கிறது நமக்கு மூணு எழுத்து, யூனிகோடுல நாலு குறி, கடைசி புள்ளி தனி. ஸ்ட்ரிங்கை அப்படியே உடைச்சு மாத்தினா அந்தப் புள்ளி எதாவது வேற எழுத்து தலைல போய் உட்காரும், இல்லைன்னா முதல்லயே வந்து அந்தரத்துல தொங்கும். ரெண்டாவது, யூனிகோடு வரிசையும் நம்ம நெடுங்கணக்கும் ஒண்ணு இல்ல. அங்க ன வந்து ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னாடி நிக்குது, நமக்கு அது கடைசி. நாம ல வ ழ ள-ன்னு சொல்றதை அது ல ள ழ வ-ன்னு வச்சிருக்கு.

எழுத்தை எழுத்தா பிரிச்சு, நீங்க நினைக்கிற வரிசைல ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2-னு நம்பர் கொடுத்துட்டு நம்பரை மட்டும் மாத்துங்க, காட்டும்போது எழுத்தா திருப்பிக்கோங்க. "10", "9"-னு நம்பரை ஸ்ட்ரிங்கா வச்சிருக்கிறவங்களுக்கும் இதே மருந்துதான், அங்க "10" வந்து "9"-ஐ விடச் சின்னதா போயிடும், முதல் எழுத்து 1 தானே.